கடல் எல்லை வழக்கில் மனுதாரர் நாட்டுக்கு மெமோரியல் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதிரி நீதிமன்றப் போட்டிக்கான மூட் ப்ராப்ளம் கைக்கு வந்தாச்சு. எங்களுக்கு மனுதாரர் தரப்பு. எங்கிருந்து எழுத ஆரம்பிக்கணும்?

எழுத்து வாதமான மெமோரியலின் கடைசிப் பக்கத்திலிருந்து. நீதிமன்றம் எந்தக் கோட்டை வரைய வேண்டும் என்று கேட்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கோடு முடிவாகும்வரை வாதத்தில் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

மற்ற சர்வதேச வழக்குகளில் "எதிர்மனுதாரர் கடமையை மீறினார்" என்று அறிவிக்கக் கேட்டால் போதும். எல்லை வழக்கில் அப்படி முடியாது. கோடு எங்கே தொடங்குகிறது, எந்தத் திசையில் போகிறது, எங்கே வளைகிறது என்று சொல்லியாக வேண்டும். நல்ல வழக்குச் சட்டம் தேடி எழுதிய மெமோரியல்கள் பலவும், நீதிமன்றத்திடம் கேட்பதைச் சொல்லும் கடைசிப் பகுதியான பிரேயரில் "நியாயமான ஓர் எல்லையை வரைய வேண்டும்" என்று முடிந்துவிடுகின்றன. மனுதாரர் என்ன கேட்கிறார் என்றே அதில் தெரிவதில்லை. வாய்மொழி வாதத்தில் நடுவர் வரைபடத்தை நீட்டி "உங்கள் கோடு எங்கே?" என்று கேட்டால் அந்த அணிக்குப் பதில் இருக்காது.

பேச வசதியாக ஒரு கற்பனை வழக்கை வைத்துக்கொள்வோம். வடக்கே வடநாடு, இதுதான் மனுதாரர். தெற்கே தென்நாடு. எதிரெதிரே இருக்கும் இரண்டு கரைகளும் ஏறக்குறைய நேர்க்கோடு. ஒவ்வொன்றும் 200 கடல் மைல் நீளம், நடுவே 120 கடல் மைல் கடல். தென்நாட்டுக்குச் சொந்தமான சின்னத் தீவு ஒன்று அதன் கரையிலிருந்து 50 கடல் மைல் வடக்கே தனியாக நிற்கிறது, அதாவது வடநாட்டுக் கரையிலிருந்து 70 கடல் மைலில். தீவு யாருக்குச் சொந்தம் என்பதில் தகராறு இல்லை. தகராறெல்லாம் அந்தத் தீவு எல்லைக் கோட்டை எவ்வளவு தூரம் தள்ளலாம் என்பதில்தான்.

கணக்கெல்லாம் போடணுமா? நாங்க சட்டக் கல்லூரிக்காரங்க.

போட வேண்டும். பள்ளிக்கூடக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

தீவைக் கண்டுகொள்ளாமல் விட்டால் நடுக்கோடு இரண்டு கரைகளிலிருந்தும் 60 கடல் மைலில் போகும். தீவுக்கு முழு மதிப்பு கொடுத்தால், தீவுக்கு நேர் எதிரே கோடு வடநாட்டுக் கரையிலிருந்து 35 கடல் மைலுக்கு வந்துவிடும், ஏனென்றால் 70-இல் பாதி 35. அங்கேயே 25 கடல் மைல் போய்விட்டது. இழப்பு அந்த ஒரு புள்ளியோடு நிற்பதில்லை. தீவின் இரு பக்கமும் சுமார் 59 கடல் மைல் தூரத்துக்குக் கோடு வடக்கே பிதுங்கி நிற்கும். மொத்தத்தில் வடநாடு இழப்பது சுமார் 1,970 சதுரக் கடல் மைல், ஏறக்குறைய 6,760 சதுர கிலோமீட்டர். பாதி மதிப்பு கொடுத்தால் இழப்பும் பாதியாகும், தீவுக்கு எதிரே கோடு 47.5 கடல் மைலில் போகும்.

மதிப்பே இல்லை என்றாலும் தீவுக்கு 12 கடல் மைல் ஆட்சிக்கடல் உண்டு. அந்த வட்டத்தின் வட விளிம்பு வடநாட்டுக் கரையிலிருந்து 58 கடல் மைலில் இருக்கிறது, அதாவது நடுக்கோட்டைத் தாண்டி 2 கடல் மைல். அந்தச் சிறு பிதுக்கத்தின் பரப்பு வெறும் 18 சதுரக் கடல் மைல்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 1,970-ஐக் காப்பாற்ற 18-ஐ விட்டுக்கொடுக்கலாம். உங்கள் மெமோரியலின் வியூகமே இதுதான். கணக்குப் போடாத அணி அந்த 18-க்காகவும் சண்டை போட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் நம்பகத்தன்மையை இழக்கும்.

அந்த 18-ஐயும் சேர்த்துக் கேட்டால் என்ன? கேட்பதில் நஷ்டம் இல்லையே?

நஷ்டம் உண்டு. 2012-இல் தீர்ப்பான நிகரகுவா எதிர் கொலம்பியா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு தீவின் 12 கடல் மைல் ஆட்சிக்கடலும் இன்னொரு நாட்டின் பிரத்யேகப் பொருளாதார மண்டலமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், ஆட்சிக்கடல் விட்டுக்கொடுக்காது. ஆட்சிக்கடலில் இருப்பது இறையாண்மை, மற்றதில் இருப்பது வளங்கள் மீதான உரிமை. இதை மறுத்து எழுதினால் நடுவர் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார். நீங்களாகவே முன்வந்து 12 கடல் மைல் வில்லைக் கோட்டில் வரைந்து காட்டினால், "சட்டம் கொடுப்பதை நாங்கள் மறுக்கவில்லை, கொடுக்காததைத்தான் மறுக்கிறோம்" என்று உங்கள் வாதம் நிமிர்ந்து நிற்கும்.

சரி, மெமோரியலில் என்னென்ன பகுதிகள் வரணும்?

அட்டை, உள்ளடக்கம், ஆதாரப் பட்டியல், அதிகார வரம்பு, எழும் கேள்விகள், வழக்கின் விவரங்கள், வாதச் சுருக்கம், வாதங்கள், பிரேயர். பெரும்பாலான சர்வதேசச் சட்ட மூட் போட்டிகளில் இந்த வரிசைதான். சொல் வரம்பும் அடிக்குறிப்பு விதியும் போட்டிக்குப் போட்டி மாறும். உங்கள் போட்டியின் விதிகளை அச்செடுத்து மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

அதிகார வரம்புக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது?

இரண்டு நாடுகளும் சிறப்பு ஒப்பந்தம் போட்டு வழக்கைக் கொண்டுவந்திருந்தால் ஒரு பத்தி போதும். நீதிமன்றச் சட்டத்தின் 36(1), 40(1) பிரிவுகளையும் ஒப்பந்தத்தின் தேதியையும் சொல்லிவிட்டு நகருங்கள்.

ஒரு சின்ன விஷயம். சிறப்பு ஒப்பந்தத்தில் வரும் வழக்கில் உண்மையில் மனுதாரர், எதிர்மனுதாரர் என்று யாரும் கிடையாது, இரண்டு பேரும் தரப்பினர் மட்டுமே. அதனால்தான் 1985-இன் லிபியா, மால்டா வழக்கின் பெயரில் இரண்டு நாடுகளுக்கும் நடுவே சாய்வுக் கோடு இருக்கிறது, ருமேனியா, உக்ரைன் வழக்கில் "எதிர்" இருக்கிறது. மூட் போட்டிகள் வசதிக்காகப் பட்டம் சூட்டுகின்றன. ஆகவே "எதிர்மனுதாரர் நம்மை நீதிமன்றத்துக்கு இழுத்தார்" என்கிற தொனி எங்கும் வேண்டாம்.

அதிகார வரம்பே தகராறு என்றால் கதை வேறு. சோமாலியா எதிர் கென்யா வழக்கில், 2009-இல் கையெழுத்தான ஒரு புரிந்துணர்வுக் குறிப்பைக் காட்டி "வேறு வழியில் தீர்க்க ஒப்புக்கொண்டுவிட்டோம்" என்று கென்யா ஆட்சேபித்தது. நீதிமன்றம் 2017-இல் அதைத் தள்ளுபடி செய்தது. உங்கள் ப்ராப்ளத்தில் அப்படி ஒரு ஆவணம் இருந்தால் அதைத் தனி வாதமாக்கி முதலில் வையுங்கள். கடல் சட்ட உடன்படிக்கையின் கட்டாயத் தீர்வு வழியாக வருகிற வழக்கு என்றால் 298-ஆம் பிரிவின் கீழ் யாராவது எல்லைத் தகராறை விலக்கி அறிவிப்புக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதைக் கவனிக்காமல் நேரே கோட்டுக்குப் போகிற அணிகள் உண்டு.

வழக்கின் விவரங்களை நம்ம பக்கம் சாய்த்து எழுதலாமா?

வரிசையில் சாய்க்கலாம், சொல்லில் சாய்க்கக் கூடாது.

"தென்நாட்டின் பயனற்ற ஒரு பாறைத் துண்டு வடநாட்டின் கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது" என்று எழுதினால் அது விவரம் இல்லை, வாதம். மதிப்பெண் குறையும். "இரு நாடுகளின் கரைகளும் 200 கடல் மைல் நீளத்துக்கு எதிரெதிராக அமைந்துள்ளன. தீவு தென்நாட்டின் கரையிலிருந்து 50 கடல் மைலில் உள்ளது. அதைச் சுற்றி வேறு தீவுகள் இல்லை." இதில் ஒரு உரிச்சொல்லும் இல்லை, ஆனாலும் பின்னால் வரப்போகும் வாதம் முழுக்க இதில் இருக்கிறது. கரைகள் சமம், தீவு தொலைவில், தீவு தனி. முதலில் கரைகள், அப்புறம் தீவு, அப்புறம் இரு நாடுகளின் நடத்தை, கடைசியில் தகராறு எப்படி எழுந்தது என்று போங்கள். கரையைப் படித்துவிட்டுத் தீவுக்கு வரும் நடுவருக்குத் தீவு தானாகவே சின்னதாகத் தெரியும்.

பாதகமான விவரத்தை மறைக்காதீர்கள். தீவில் கலங்கரை விளக்கமும் பத்துப் பன்னிரண்டு மீனவக் குடும்பங்களும் இருப்பதாக ப்ராப்ளம் சொன்னால், நீங்களும் சொல்லுங்கள். நடுவர்களிடம் ப்ராப்ளத்தை அலசிய குறிப்பு ஒன்று இருக்கும். எதை விட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

மூன்று படி முறை என்கிறார்களே, வாதத்தையும் மூன்றாகப் பிரித்துச் சமமா எழுதினா போதுமா?

மூன்றாகப் பிரியுங்கள், சமமாக எழுதாதீர்கள்.

முறை இதுதான். முதல் படியில், தூரத்தை அளக்கத் தொடங்கும் கரைப் புள்ளிகளான அடிப்படைப் புள்ளிகளில் பொருத்தமானவற்றை எடுத்துத் தற்காலிக சமதூரக் கோட்டை வரைவது. இரண்டாம் படியில் அதை நகர்த்தக் காரணமான சூழ்நிலைகள் உண்டா என்று பார்ப்பது. மூன்றாம் படியில், கிடைத்த கடல் பரப்புக்கும் கரை நீளத்துக்கும் நடுவே கண்ணை உறுத்தும் பொருத்தமின்மை இருக்கிறதா என்று சரிபார்ப்பது. ருமேனியா, உக்ரைன் இடையிலான 2009-இன் கருங்கடல் வழக்கில் சர்வதேச நீதிமன்றம் இதை இந்த வடிவத்தில் வகுத்தது. 2012-இல் வங்கதேசம், மியான்மர் இடையிலான வங்காள விரிகுடா வழக்கில் கடல் சட்டத் தீர்ப்பாயமும் இதையே பின்பற்றியது. கடல் சட்ட உடன்படிக்கையின் 74, 83 பிரிவுகள் "நியாயமான தீர்வு" என்று மட்டும்தான் சொல்கின்றன. உடன்படிக்கையில் எங்கும் இல்லாத இந்த முறை தீர்ப்புகளிலிருந்து வந்தது என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

நம் உதாரணத்தில் வழக்கு ஜெயிப்பதோ தோற்பதோ முதல் இரண்டு படிகளில்தான். மெமோரியலின் தலைப்புகள் ஏறக்குறைய இப்படி அமையலாம்:

1. இரு நாடுகளுக்கும் நடுவே ஒப்புக்கொண்ட கடல் எல்லை எதுவும் இல்லை.

2. தற்காலிக நடுக்கோட்டை இரு பெருநிலக் கரைகளிலிருந்தே வரைய வேண்டும். தீவு அடிப்படைப் புள்ளி ஆகாது.

3. தீவு அடிப்படைப் புள்ளியே என்று கொண்டாலும், அதன் விளைவை 12 கடல் மைலுக்குள் நிறுத்தும்படி கோட்டைத் திருத்த வேண்டும்.

4. அவ்வாறு வரும் கோடு மூன்றாம் படியின் சோதனையில் தேறுகிறது.

ஒவ்வொரு தலைப்பும் முழு வாக்கியம் என்பதைக் கவனியுங்கள். உள்ளடக்கப் பக்கத்தை மட்டும் படித்த நடுவருக்கே உங்கள் வழக்கு புரிய வேண்டும். "அடிப்படைப் புள்ளிகள் பற்றிய சட்டம்" என்று தலைப்பு வைத்தால் அது பாடப் புத்தகம்.

இந்தக் கோரிக்கைக்கு 5,000 சொற்கள் கையில் இருந்தால், இரண்டாவது மூன்றாவது தலைப்புகளுக்கு மட்டும் 3,000-க்குக் குறையாமல் கொடுப்பேன். நான்காவதுக்கு 300 தாராளம்.

தீவை முதல் படியிலேயே ஒதுக்குவதா, இரண்டாம் படியில் மதிப்பைக் குறைப்பதா? இரண்டுக்கும் தீர்ப்பு இருக்கு, குழப்பமா இருக்கு.

இரண்டையும் எழுதுங்கள். முதல் படி பிரதான வாதம், இரண்டாம் படி மாற்று வாதம்.

பிரதான வாதத்துக்கு முதுகெலும்பு கருங்கடல் வழக்குதான். உக்ரைனின் பாம்புத் தீவு டான்யூப் கழிமுகத்திலிருந்து சுமார் 20 கடல் மைல் தள்ளி இருக்கிறது, பரப்பு சுமார் 0.17 சதுர கிலோமீட்டர். அது தனித்து நிற்பது, உக்ரைன் கரையோடு ஒட்டிய தீவுக் கூட்டத்தில் சேர்ந்ததல்ல, அதைக் கரையின் பகுதியாகக் கொண்டால் நீதிமன்றமே புவியியலைத் திருத்தி அமைத்ததாகிவிடும் என்று சொல்லி நீதிமன்றம் அதை அடிப்படைப் புள்ளியாக எடுக்கவில்லை. கடைசியில் தீவுக்கு 12 கடல் மைல் வில் மட்டுமே கிடைத்தது. லிபியா, மால்டா வழக்கில் ஃபில்ஃப்லா என்ற குட்டித் தீவும் இதேபோல் கணக்கில் சேரவில்லை.

தீர்ப்பைச் சொன்னால் மட்டும் போதாது, விவரத்தோடு பொருத்த வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது. பாம்புத் தீவின் உரிமைகள் உக்ரைன் பெருநிலம் ஏற்கெனவே தரும் உரிமைகளுக்குள் அடங்கிவிடுகின்றன என்பதும் அந்தத் தீர்ப்பில் ஒரு காரணம். நம் வழக்கில் அது இன்னும் அழகாகப் பொருந்துகிறது. இரு கரைகளுக்கும் நடுவே இருப்பதே 120 கடல் மைல். தென்நாட்டின் பெருநிலக் கரையிலிருந்து அளக்கும் 200 கடல் மைல் உரிமை இந்தக் கடல் முழுவதையும் ஏற்கெனவே மூடிவிடுகிறது. தீவு புதிதாக எந்த உரிமையையும் கொண்டுவரவில்லை, கோட்டை வடக்கே தள்ளுவது ஒன்றுதான் அது செய்யும் வேலை. இந்த ஒரு பத்தி எழுதிய அணியும் எழுதாத அணியும் ஒரே தீர்ப்பைத்தான் மேற்கோள் காட்டியிருக்கும், ஆனால் மதிப்பெண் ஒன்றாக இருக்காது.

அடுத்து வேறுபாடுகளை நீங்களே எடுத்துப் பேசுங்கள். கருங்கடலில் 12 கடல் மைல் வில் பற்றி இரு நாடுகளுக்கும் முன்பே உடன்பாடு இருந்தது, இங்கே இல்லை. தென்நாடு இதைச் சொல்லும். உங்கள் பதில்: அந்த உடன்பாடு ஆட்சிக்கடல் எல்லையைப் பற்றியது, அடிப்படைப் புள்ளி ஆகாது என்பதற்கு நீதிமன்றம் சொன்ன காரணம் தீவின் தனிமை. பாம்புத் தீவு 20 கடல் மைலில் இருந்தது, நம் தீவு 50-இல் இருக்கிறது என்று அவர்கள் சொன்னால் அது உங்களுக்குத்தான் உதவும். தன் கரையிலிருந்து எவ்வளவு விலகிப் போகிறதோ அவ்வளவுக்கு அது கரையின் பகுதி இல்லை, கோணலும் அவ்வளவுக்கு அதிகம்.

மாற்று வாதத்தின் தொனி வேறு. இங்கே தீவு அடிப்படைப் புள்ளி என்பதை ஏற்றுக்கொண்டு, அதனால் வரும் 25 கடல் மைல் பிதுக்கம் அதன் அளவுக்குப் பொருத்தமில்லை என்கிறீர்கள். வங்காள விரிகுடா வழக்கில் செயின்ட் மார்ட்டின் தீவுக்கு முழு ஆட்சிக்கடல் கிடைத்தது, அதற்கு அப்பால் எந்த மதிப்பும் கிடைக்கவில்லை. அது மக்கள் வாழும் தீவு என்பதால் மீனவக் குடும்பங்கள் பற்றிய பாதகமான விவரத்துக்கும் இதே தீர்ப்பு பதில் சொல்லிவிடுகிறது. 1999-இன் எரித்திரியா, ஏமன் நடுவர் தீர்ப்பில் கடல் நடுவே இருந்த ஜபல் அல்-தைர் தீவுக்கும் நடுக்கோட்டில் மதிப்புக் கிடைக்கவில்லை.

தென்நாடு கையில் எடுக்கப்போவது 2018-இன் கோஸ்டாரிகா எதிர் நிகரகுவா தீர்ப்பு. அதில் கரையிலிருந்து சுமார் 26 கடல் மைலில் உள்ள கார்ன் தீவுகளுக்குப் பாதி மதிப்பு கிடைத்தது. அதை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் வாதத்துக்குள்ளேயே எடுத்துப் பேசுங்கள். பாதி மதிப்புக்கு நீதிமன்றம் காட்டிய காரணங்களே தீவுகளின் குறைந்த அளவும் கரையிலிருந்து உள்ள தூரமும்தான். நம் தீவு அவற்றைவிடச் சிறியது, ஏறக்குறைய இரு மடங்கு தொலைவு. அந்தத் தர்க்கத்தைத் தொடர்ந்தால் பாதிக்கும் கீழே போக வேண்டும்.

தீவு வெறும் பாறைதான்னு 121(3)-ஐ வெச்சு அடிச்சுட்டா சீக்கிரம் முடிஞ்சுடாதா?

ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் மனுதாரருக்கு இது பொறி. "மனித வாழ்வையோ சொந்தப் பொருளாதார வாழ்வையோ தாங்க முடியாத பாறை" என்று நிரூபிக்கும் சுமையை நீங்களாகவே தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள். மூட் ப்ராப்ளம் எழுதியவர் மீனவக் குடும்பங்களை அங்கே குடியேற்றியதே உங்களை இதில் இழுத்துவிடத்தான் என்பது என் சந்தேகம். கருங்கடல் வழக்கில் ருமேனியா இதை வாதிட்டது. பாம்புத் தீவு எந்த வகை என்று முடிவு செய்யத் தேவையே இல்லை என்று நீதிமன்றம் விட்டுவிட்டது.

ஒரே ஒரு பத்தி எழுதுங்கள். தீவுக்கு 121-ஆம் பிரிவின் கீழ் முழு உரிமை உண்டு என்றே வைத்துக்கொண்டாலும் எங்கள் வாதம் மாறாது. உரிமை இருப்பது வேறு, எல்லையில் மதிப்புப் பெறுவது வேறு. அவ்வளவுதான். 2016-இன் தென் சீனக் கடல் தீர்ப்பிலிருந்து நான்கு பக்கம் எடுத்துப் போட்டால் அந்த நான்கு பக்கமும் இரண்டாவது தலைப்பிலிருந்து திருடியதாகத்தான் இருக்கும்.

தென்நாடு பல வருஷமா அந்தப் பகுதியில் எண்ணெய் உரிமம் கொடுத்திருக்கு, வடநாடு எதுவும் சொல்லலை. அதை எங்கே வைப்பது?

முதல் தலைப்பில், மூன்று படிக்கும் முன்னால். ஏற்கெனவே ஒரு மறைமுக ஒப்பந்தம் இருந்தால் நீதிமன்றம் சமதூரக் கோட்டையே வரையத் தேவையில்லை என்பதால் இது முதல் தடை. 2014-இன் பெரு எதிர் சிலி வழக்கில் அப்படித்தான் ஆனது. மறைமுக ஒப்பந்தம் இருப்பதாக முடிவு செய்து, முதல் 80 கடல் மைலுக்கு அதையே நீதிமன்றம் எல்லையாக வைத்தது.

உங்களுக்கு ஆறுதல், சான்றின் தரம் மிக உயரத்தில் இருப்பது. மறைமுக ஒப்பந்தத்துக்கான சான்று அழுத்தமானதாக இருக்க வேண்டும் என்று 2007-இன் நிகரகுவா எதிர் ஹோண்டுராஸ் தீர்ப்பு சொல்கிறது. எண்ணெய் உரிமங்கள் தாமாகவே கோட்டை நகர்த்தாது, ஒப்பந்தத்தின் அடையாளமாக இருந்தால்தான் கணக்கு என்று கேமரூன், நைஜீரியா தீர்ப்பு 2002-இல் சொன்னது. சோமாலியா வழக்கில் கென்யா காட்டிய மௌன சம்மத வாதமும் 2021-இல் எடுபடவில்லை.

ஆனால் பெருவைத் தவிர்த்துவிட்டு எழுதாதீர்கள். அங்கே 1954-இல் இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஆவணமே ஒரு கோடு இருப்பதை ஏற்றுப் பேசியது. உங்கள் ப்ராப்ளத்தில் அப்படி எழுத்தில் எதுவும் இல்லை என்று காட்டினால் வேறுபாடு முடிந்தது.

மூன்றாம் படியில்தானே நமக்கு நடந்த அநியாயம் எண்ணில் தெரியும்? அதை ஏன் 300 சொல்லில் முடிக்கச் சொல்றீங்க?

எண்ணைப் போட்டுப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். மொத்தப் பரப்பு 24,000 சதுரக் கடல் மைல். தீவுக்கு முழு மதிப்பு கொடுத்தாலும் வடநாட்டுக்குச் சுமார் 10,030, தென்நாட்டுக்குச் சுமார் 13,970 கிடைக்கும். விகிதம் 1:1.39. கரைகளின் விகிதம் 1:1. இது கண்ணை உறுத்தும் பொருத்தமின்மை என்று எந்த நீதிமன்றமும் சொல்வது கடினம். கருங்கடலில் கரை விகிதம் 1:2.8, பரப்பு விகிதம் 1:2.1, அதுவே தேறிவிட்டது. மூன்றாம் படி கோட்டை வரைவதில்லை, படுமோசமான முடிவைத் தடுக்கும் வலை மட்டும்தான். தென்நாட்டின் கோடுகூட இந்த வலையில் சிக்காமல் போய்விடும் என்பதால் இங்கே நின்று வாதிட்டால் எதிராளிக்குச் சான்றிதழ் கொடுத்ததாகிவிடும்.

உங்கள் கோட்டில் பரப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி வருகிறது, கரைகளும் சமம் என்று சொல்லி முடியுங்கள்.

சர்ச்சைக்குரிய இடத்தில் தென்நாடு துளையிட்டுவிட்டது. அதுக்கும் பரிகாரம் கேட்கலாமா?

கேட்கலாம். எல்லை வாதம் முடிந்தபிறகு தனிக் கோரிக்கையாக வையுங்கள். இதற்குள்ளும் இரண்டு வழி உண்டு, ஒன்று பலவீனம்.

"எங்கள் கண்டத்திட்டின் மீதான இறையாண்மை உரிமையை மீறினார்கள்" என்பது பலவீனமான வழி. எல்லை முடிவாகும் முன், நல்லெண்ணத்தோடு உரிமை கோரிய பகுதியில் ஒரு நாடு செய்த வேலை, அந்தப் பகுதி பிறகு மற்றவருக்குப் போனாலும் மீறல் ஆகாது என்ற நிலைப்பாட்டைக் கானா, ஐவரி கோஸ்ட் வழக்கில் 2017-இல் கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அறை எடுத்தது. 2021-இல் சோமாலியாவின் கோரிக்கையும் இதே காரணத்தில் விழுந்தது.

83(3)-ஆம் பிரிவு இன்னொரு வழி. இறுதி உடன்பாட்டைக் கெடுக்கும் செயலைச் செய்யாமல் இருக்க வேண்டிய கடமை அதில் இருக்கிறது. 2007-இன் கயானா, சுரினாம் நடுவர் தீர்ப்பில், கடல் தரையை நிரந்தரமாக மாற்றும் துளையிடலை இந்தக் கடமைக்கு எதிரானதாகவும், நில அதிர்வு ஆய்வை அப்படி அல்லாததாகவும் பிரித்துப் பார்த்தார்கள். ப்ராப்ளத்தில் துளையிடல் நடந்ததா, ஆய்வு மட்டும் நடந்ததா என்று மறுபடி படியுங்கள். பல ப்ராப்ளங்களில் இரண்டும் வேண்டுமென்றே கலந்திருக்கும்.

எங்க ப்ராப்ளத்தில் கரைகள் எதிரெதிரா இல்லை, பக்கத்துப் பக்கத்தில் இருக்கு. இதே அமைப்பு ஒத்துவருமா?

எலும்புக்கூடு அதேதான், சதை மாறும். நில எல்லை கடலைத் தொடும் புள்ளியிலிருந்து கோடு கிளம்பும். அங்கே மிக அருகில் இருக்கும் ஒரு சின்னத் தீவோ அணைச் சுவரோ முதல் சில கடல் மைலிலேயே கோட்டைத் திருப்பிவிடும், அந்தத் திருப்பம் 200 கடல் மைல் வரை விரிந்துகொண்டே போகும். ஆகவே இரண்டாவது தலைப்புக்கு இன்னும் அதிக இடம் தேவை. வடநாடு உள்வளைந்த கரையின் அடியில் இருந்தால் அடைபட்டுப்போகும் விளைவுதான் உங்கள் முதன்மைச் சூழ்நிலை. வங்காள விரிகுடாவில் வங்கதேசத்துக்குக் கோடு திருத்தப்பட்டது அதனால்தான்.

பிரேயரை எப்படி எழுதணும்? மாற்றுக் கோடும் கேட்டால் பலவீனமா தெரியாதா?

நம் வழக்குக்கு ஏறக்குறைய இப்படி: "வடநாட்டுக்கும் தென்நாட்டுக்கும் இடையிலான பிரத்யேகப் பொருளாதார மண்டலத்துக்கும் கண்டத்திட்டுக்கும் ஒரே எல்லையாக, இரு நாடுகளின் பெருநிலக் கரைகளிலுள்ள மிக அருகிலுள்ள புள்ளிகளிலிருந்து சம தூரத்தில் செல்லும் கோட்டை, தீவைச் சுற்றிய 12 கடல் மைல் வில்லின் வெளி விளிம்பைப் பின்பற்றும் பகுதி நீங்கலாக, தீர்ப்பளித்து அறிவிக்க வேண்டும்." ப்ராப்ளத்தின் வரைபடத்தில் ஆயத்தொலைவுகள் இருந்தால் திரும்பு புள்ளிகளை எண்ணிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் இந்த விவரணையே போதும், நீங்களாக ஆயத்தொலைவைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

நம் மூன்றாவது தலைப்பும் இதே கோட்டில்தான் போய் முடிகிறது என்பதைக் கவனித்தீர்களா? வழிதான் இரண்டு, கோரும் கோடு ஒன்று. அதனால் பிரேயரில் மாற்றுக் கோடு தேவையில்லை. பாதி மதிப்புக் கோட்டைப் பிரேயரில் எழுதிவைத்தால் 985 சதுரக் கடல் மைலை நீங்களே தட்டில் வைத்து நீட்டியதாகிவிடும். பாதி மதிப்பைப் பற்றி நடுவர் வாய்மொழியில் கேட்டால் அங்கே பதில் சொல்லிக்கொள்ளலாம்.

கோட்டு வரைபடம் சேர்க்கலாமா?

விதிகள் அனுமதித்தால் ஒன்றே ஒன்று சேருங்கள். இரு கரைகள், தீவு, 60 கடல் மைலில் உங்கள் கோடு, தென்நாடு கேட்கும் பிதுங்கிய கோடு, நடுவே அந்த 1,970 சதுரக் கடல் மைலுக்கு மட்டும் சாயம். விதிகள் அனுமதிக்காவிட்டால் அதே படத்தை இரண்டாவது தலைப்பின் முதல் பத்தியில் சொற்களால் வரையுங்கள்: தீவுக்கு எதிரே 35, இரு பக்கமும் 59, நம் கோடு 60. படிப்பவர் தன் குறிப்பேட்டின் ஓரத்தில் பென்சிலால் அதை வரைந்து பார்க்கும் அளவுக்கு எழுதினால் சரி.